ஒரு கால் போன பின்: மற்றக் காலுக்கு யார் பொறுப்பு?

வடக்கில் செயற்கைக் கால் என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது போர். மிதிவெடியில் காலை இழந்த இளைஞர்கள், ஷெல் விழுந்து காலை இழந்த பெண்கள், முள்ளிவாய்க்காலிலிருந்து ஒற்றைக் காலோடு வந்த பிள்ளைகள். எங்களுடைய செயற்கை அவயவ நிலையங்களும் அங்கு வேலை செய்பவர்களின் அனுபவமும் பெரும்பாலும் அவர்களைச் சுற்றித்தான் வளர்ந்தன. இன்று அதே வாங்குகளில் வந்து அமர்பவர்களில் பலர் வேறு ஆட்கள். ஐம்பது, அறுபது வயது தாண்டியவர்கள். கையில் கிளினிக் கொப்பியும் குளிசைப் பையும் இருக்கும். அவர்கள் காலை இழந்தது நீரிழிவால்.

இரண்டு தரப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு வயது மட்டுமல்ல. மிதிவெடியில் ஒரு காலை இழந்த இருபது வயதுப் பையனுக்கு மற்றக் கால் பெரும்பாலும் நல்ல கால். நீரிழிவில் ஒரு காலை இழந்தவருக்கு மற்றக் காலும் அதே நோயுள்ள கால். நரம்பு விறைத்து, இரத்த ஓட்டம் குறைந்து, வெட்டப்பட்ட கால் சில வருடங்களுக்கு முன் இருந்த அதே நிலையில் அது இருக்கிறது. எங்களுடைய சிகிச்சை ஒழுங்கு இந்த வேறுபாட்டை இன்னும் உள்வாங்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்காகச் சிலரோடு பேசியபோது எனக்குத் தெளிவானது. அதை ஒருவருடைய கதையூடாகவே சொல்லலாம்.

அவர் கிளிநொச்சி மாவட்டத்தில் நெல் செய்பவர். வயது 58. பெயர் வேண்டாம் என்றார். பதினான்கு வருடமாக நீரிழிவு. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் கிளினிக்குக்குப் போவது தடைப்பட்டது. போன நாட்களிலும் சில மருந்துகளை வெளியில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அந்த வருடக் கடைசியில் வலது பெருவிரலின் அடியில் ஒரு புண். நோகவில்லை என்பதால் வயலுக்குப் போய்க்கொண்டே இருந்தார். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். 2023 ஜனவரியில் பெருவிரலை எடுத்தார்கள்.

ஒரு விரல்தானே என்று வீட்டில் எல்லோரும் ஆறுதலடைந்தார்கள். பிழை தொடங்கியது அங்கேதான். நடக்கும்போது அடியை உந்தித் தள்ளுவது பெருவிரல். அது இல்லாதபோது அந்தப் பாரம் இரண்டாவது விரலின் அடியிலுள்ள எலும்பு முனைக்குப் போகிறது. அந்த இடத்துத் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும். தடித்த தோலோ, சப்பாத்துக்குள் கிடக்கும் சிறு கல்லைப் போல உள்ளிருக்கும் தசையை அழுத்தும். மேலே காய்த்துப்போய் உறுதியாகத் தெரியும், அடியில் புண் உருவாகிக்கொண்டிருக்கும். விரலை எடுத்தவருக்கு, வெற்றிடத்தை நிரப்பும் மென்மையான உள்ளடியோடு, முன்பக்கம் வளையாத தடித்த அடியுள்ள பாதணி கொடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். அவர் போட்டது பழைய பாட்டாவைத்தான். காய்த்த தோலைப் பிளேட்டால் தானே சீவினார். 2024 மார்ச்சில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி பாதம் முழுவதும் பரவியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

முழங்காலைக் காப்பாற்றியது பெரிய விடயம். செயற்கைக் காலோடு நடக்க உடலுக்குக் கூடுதல் சக்தி தேவை. முழங்கால் இருந்தால் அந்தக் கூடுதல் கால் பங்கு அளவில் தொடங்குகிறது. முழங்காலும் போனால் அரைப் பங்கையும் தாண்டிவிடும். நீரிழிவோடு இதயமும் பலவீனமாக இருக்கும் அறுபது வயதுக்காரருக்கு நடப்பதா, கதிரையிலேயே இருப்பதா என்பதை இதுவே தீர்மானித்துவிடும்.

ஆனால் முழங்காலைச் சத்திரசிகிச்சையில் காப்பாற்றினால் மட்டும் போதாது, வீட்டிலும் காப்பாற்ற வேண்டும். விடுதியில் இருந்த நாட்களில் ஒரு உறவினர் அன்பாக முழங்காலின் கீழே தலையணை வைத்துவிட்டார். வலி குறைந்தது, அவருக்கும் பிடித்துப்போனது. இப்படி மடித்தே வைத்திருந்தால் சில வாரங்களில் முழங்காலின் பின்பக்கத் தசைநார்கள் சுருங்கிவிடும். பிறகு கால் நேராக நீளாது. நேராக நீளாத முழங்காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது மிகக் கடினம். இயன்மருத்துவர் ஒருவர் கண்டு தலையணையை எடுத்துவிட்டு, முழங்காலை நேராக நீட்டி வைக்கவும், நாளுக்குச் சில தடவை கால் மணித்தியாலம் குப்புறப் படுக்கவும் சொல்லிக் கொடுத்தார். இடுப்பு மடங்கி இறுகாமல் இருக்கத்தான் குப்புறப் படுப்பது. சக்கர நாற்காலியில் இருக்கும்போது எஞ்சிய கால் தொங்காமல் நீட்டி வைக்க, மகள் ஒரு பலகைத் துண்டை இருக்கையின் கீழே செருகிவைத்தார். செலவில்லாத வேலை.

அடுத்தது பண்டேஜ். வெட்டிய காலின் முனை வீங்கிக் குமிழ் போல இருக்கும். அது ஒரு கூம்பு வடிவத்துக்கு வராமல் செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் போகாது. அதற்காக இழுபடும் பண்டேஜை எட்டு என்ற இலக்கத்தின் வடிவில், குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும். முனையில் இறுக்கம் கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றினால் கயிறு கட்டியது போல இரத்த ஓட்டத்தைத் தடுத்து, முனையை இன்னும் வீங்கச் செய்யும். நாளுக்கு நான்கைந்து தடவை கழற்றித் திரும்பச் சுற்ற வேண்டும். மகள் அதை ஒரு தாதியிடம் பார்த்து, தொலைபேசியில் வீடியோ எடுத்து வந்துதான் பழகினார்.

இதற்கிடையில் இரவுகள். “கால் இல்லையெண்டது நித்திரையில தெரியேல்ல, பிள்ளை” என்றார் என்னிடம். வெட்டப்பட்ட காலின் பெருவிரல் எரிவது போல இருக்குமாம். அந்தப் பெருவிரலோ அதற்கும் முந்திய வருடமே போய்விட்டது. இது மனப்பிரமை அல்ல. மூளையில் அந்தக் காலுக்குரிய இடம் இன்னும் அப்படியே இருப்பதால் வருவது. மருந்தும் உண்டு, கிளினிக்கில் வெட்கப்படாமல் சொன்னால் கொடுப்பார்கள். வலியைவிட இதிலுள்ள ஆபத்து வேறு. நடுச்சாமத்தில் சிறுநீர் கழிக்க எழும்பியவர் இரண்டு காலும் இருக்கிறது என்ற நினைவில் வலது காலை ஊன்றி, அப்படியே விழுந்தார். நல்லவேளை, வெட்டிய முனை தரையில் அடிபடவில்லை. அன்றிலிருந்து கட்டிலின் வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டிவிட்டார்கள். இறங்குவதென்றால் இடது பக்கத்தால்தான், அங்கே வோக்கர் நிற்கும்.

ஒப்பரேஷனுக்கும் செயற்கைக் கால் கையில் கிடைப்பதற்கும் இடையில் ஐந்து மாதம் போனது. நீரிழிவில் காயம் ஆறவும் வீக்கம் வடியவும் இரண்டு மூன்று மாதம் எடுப்பது வழமை. மிச்ச நாட்கள் போனது தகவல் இல்லாததால். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அட்டையில் தையல் வெட்டும் திகதி இருந்தது, இன்சுலின் அளவு இருந்தது. செயற்கைக் காலுக்கு எங்கே, எப்போது போக வேண்டும் என்று எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது என்பதை ஊரில் மிதிவெடியில் காலை இழந்த ஒருவர்தான் சொன்னார். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைப் பார்க்கச் சொன்னதும் அவரே.

அந்த ஐந்து மாதமும் அவர் இடது காலில் துள்ளித் துள்ளித்தான் நடமாடினார். வோக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் துள்ளும்போது ஒவ்வொரு தடவையும் உடலின் முழுப் பாரமும் அந்தப் பாதத்தின் முன்பகுதியில் போய் இடிக்கிறது. வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. ஆகவே வெறுங்கால், சீமெந்துத் தரை. இந்தக் காலத்தில் மூன்று தடவை மருத்துவ கிளினிக்குக்குப் போயிருக்கிறார். இரத்தம் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், வெட்டிய கால் ஆறிவிட்டதா என்று பார்த்தார்கள். இடது கால் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. வேறு ஊர்களில் நான் பேசியவர்களும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். ஒரு காலையில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் வைத்தியருக்கு ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள் என்பதும் உண்மை.

சர்வதேச வழிகாட்டல்களின்படி பாதத்தில் உணர்வு குறைந்து, முன்பு புண்ணோ வெட்டோ இருந்த ஒருவர் அதிகூடிய ஆபத்துப் பிரிவில் இருப்பவர். அவருடைய பாதத்தை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பயிற்சி பெற்ற ஒருவர் பார்க்க வேண்டும். உணர்வு இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவியும் தேவையில்லை. வளையும்போது பத்துக் கிராம் அழுத்தம் கொடுக்கும் ஒரு நைலோன் இழை போதும். அதுவும் இல்லாவிட்டால் விரல் நுனி இருக்கிறது. நோயாளி கண்ணை மூடியிருக்க, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்திருக்கிறது. இதை வாசிப்பவர் இன்று இரவே வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ செய்து பார்க்கலாம். இவருக்கு இருப்பது ஒரு பாதம். மகள் தொட்ட மூன்று விரல்களில் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை.

ஜூலையில் அளவெடுத்தார்கள். நனைத்த பிளாஸ்டர் பண்டேஜால் எஞ்சிய காலைச் சுற்றி அச்செடுத்து, அந்த அச்சுக்குள் கலவை ஊற்றி, காலின் உருவத்தை எடுத்து, பாரம் தாங்கக்கூடிய இடத்தைச் செதுக்கி, தாங்காத எலும்பு முனைகளுக்கு இடம் விட்டுக் கிண்ணம் செய்கிறார்கள். முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநார் பாரம் தாங்கும். முன் எலும்பின் முனையும் வெளிப்பக்கச் சிறு எலும்பின் தலையும் தாங்காது. ஓகஸ்ட்டில் கால் கிடைத்தது. முதல் நாளே வயலுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தவருக்கு, அரை மணித்தியாலம் போட்டுவிட்டுக் கழற்றித் தோலைப் பார்க்கச் சொன்னார்கள். சிவந்த இடம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. இருபது நிமிடம் கடந்தும் சிவப்பாகவே இருந்தால் கிண்ணம் அந்த இடத்தில் அழுத்துகிறது, திரும்ப நிலையத்துக்குப் போக வேண்டும். நோகிறதா என்று அவரைக் கேட்டுப் பயனில்லை, அந்தக் காலிலும் உணர்வு குறைவு. கண்தான் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் எஞ்சிய கால் மெலிந்துகொண்டே போவதால் உறைகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். உறை மேல் உறை போட்டும் கால் உள்ளே ஆடினால் புதுக் கிண்ணம் வேண்டும்.

இங்கேதான் நான் முன்பு சொன்ன வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. ஜெய்ப்பூர் பாதம் 1960களின் இறுதியில் ராஜஸ்தானின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. சப்பாத்தில்லாமல், சேற்றிலும் கோயிலிலும் வெறுங்காலோடு நடக்கும் மக்களுக்காகவே செய்தது. அதன் பெருமையே அதுதான், எங்கள் ஊருக்கும் அது பொருத்தமாக இருந்தது. ஆனால் நீரிழிவுக்காரரிடம் ஒரு முரண் இருக்கிறது. செயற்கைப் பாதம் வெறுங்காலோடு நடக்கலாம், உயிருள்ள பாதம் நடக்கவே கூடாது.

இது வெறும் வார்த்தை விளையாட்டல்ல. செயற்கைக் காலின் உயரத்தையும் சாய்வையும் சரிபார்க்கும் நாளில் இவர் வெறுங்காலோடு நின்றார். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. வீட்டுக்கு வந்து இடது காலுக்கு மட்டும் இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புள்ள செருப்பைப் போட்டபோது வலது பக்கம் அந்த அளவுக்குக் கட்டையாகிவிட்டது. கெந்தினார், இடுப்பு நொந்தது. அதைச் சமாளிக்க அவர் செய்தது இடது செருப்பைக் கழற்றிவிட்டது. நடை சரியாகிவிட்டது. “வெறுங்காலோட நடந்தால் லேசாய் இருக்கு” என்று மகிழ்ந்தாராம்.

நீண்ட காலம் இந்தத் துறையில் வேலை செய்த தொழில்நுட்பவியலாளர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “சரிபார்க்க வரேக்க போடப்போற செருப்பைக் கொண்டு வாங்கோ எண்டு நாங்கள் சொல்லுறனாங்கள்தான். ஆனால் அவையளிட்ட அப்பிடியொரு செருப்பே இருக்காது, தங்கச்சி” என்றார். அவர் சொன்னதில் விடயம் முழுவதும் அடங்கிவிட்டது. காலைக் கொடுப்பது ஒரு இடம், நோயைப் பார்ப்பது இன்னொரு இடம், பாதணி கொடுப்பது எந்த இடமும் இல்லை. குதியின் உயரமும் முக்கியம். குதி உயர்ந்த சப்பாத்துக்குச் சரிபார்த்த காலோடு வெறும் தரையில் நடந்தால் கால் பின்னால் சாய்ந்து முழங்காலைப் பின்னுக்குத் தள்ளும். ஒரே தடிப்பும் ஒரே குதி உயரமும் கொண்ட இரண்டு சோடி வேண்டும். ஒன்று வெளியில் போட, மற்றது வீட்டுக்குள் மட்டும் போட. இரண்டிலும் குதிப் பட்டி இருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் வரும் பாட்டாவை விறைத்த கால் பிடித்து வைத்திருக்க முடியாது. கழன்று விழுந்தாலும் தெரியாது.

நவம்பர் மழைக்காலத்தில் ஒருநாள் மகள் அப்பாவின் சொக்ஸில் ஒரு ரூபாய்க் குற்றியளவு பழுப்புக் கறையைக் கண்டார். வெள்ளைச் சொக்ஸ் என்பதால் தெரிந்தது, கறுப்பென்றால் தப்பியிருக்கும். இடது பெருவிரலின் கீழே, துள்ளிய மாதங்களில் காய்த்திருந்த அதே இடம். பாதத்தின் உட்பகுதியில் கையை வைத்தபோது அந்த இடம் சூடாக இருந்தது என்றார்.

சூடு ஒரு நல்ல அறிகுறி. தோல் உடைவதற்கு முன்பே அந்த இடம் சூடாகும். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தைத் தொட்டு ஒப்பிட்டு, ஏறக்குறைய இரண்டு பாகை வித்தியாசம் இருந்தால் உடனே ஓய்வு கொடுக்கச் சொல்வார்கள். ஒரு காலை இழந்தவர் இந்த ஒப்பீட்டையும் இழந்துவிடுகிறார். அவருக்கு ஒப்பிட மற்றப் பாதம் இல்லை. ஆகவே வீட்டிலுள்ள ஒருவர் தினமும் புறங்கையால் அதே பாதத்தின் பல இடங்களைத் தொட்டுப் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு இடம் மாறும்போது கை அறியும்.

மறுநாளே கொண்டுபோனார்கள். காய்த்த தோலைச் சீவியபோது உள்ளே புண் பெரிதாக இருந்தது. கம்பி எலும்பில் தட்டுப்படவில்லை, எக்ஸ்ரேயும் சரி. எலும்புக்குக் கிருமி போயிருந்தால் கதை வேறு. மருந்து கட்டினார்கள், புண்ணைச் சுற்றி ஓட்டை வெட்டிய தடித்த ஃபெல்ட் ஒட்டினார்கள், ஊன்றக் கூடாது என்றார்கள். இப்போது ஊன்றுவதற்கு இருப்பது செயற்கைக் கால் மட்டும். அதில் கூடுதலாக நின்றபோது வெட்டிய முனை சிவந்தது. கடைசியில் மூன்றே மாதம் பழகிய செயற்கைக் காலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பச் சக்கர நாற்காலிக்குப் போனார். புண் ஆறப் பதினொரு வாரம். பெரும்போகம் முழுவதும் மருமகன் பார்த்தார்.

அந்தப் பதினொரு வாரமும் அநியாயம் என்பது என் கருத்து. ஏப்ரலிலோ மே மாதத்திலோ ஒருவர் இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்து, காய்ப்பைச் சீவி, ஒரு சோடி மென்மையான செருப்பைக் கொடுத்திருந்தால் போதும். தொழுநோயாளருக்காகப் பல காலமாகச் செய்யப்படும் எம்.சி.ஆர். இறப்பர் செருப்பு இதே வேலைக்குத்தான், உணர்வற்ற பாதத்தைக் காக்க. செய்யத் தெரியாத பொருள் அல்ல. இன்சுலினை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, காலை வெட்டுவதையும் இலவசமாகச் செய்கிறது. நடுவில் வரும் செருப்பை மட்டும் நோயாளி தன் பணத்தில், தன் அறிவில் தேடிக்கொள்ள வேண்டும். அதை மருந்தாகக் கருதி, கொப்பியில் மருந்து எழுதுவது போல எழுதும் நாள் வரை இந்தச் செலவு விடுதிக் கட்டில்களில்தான் போய் முடியும். கால் வெட்டியவரின் வெளியேறும் அட்டையில் இரண்டு திகதிகளைச் சேர்ப்பதற்கோ, செயற்கைக் காலுக்கு ஒன்று, மற்றப் பாதத்தைப் பார்ப்பதற்கு ஒன்று, கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு விடுதியின் பொறுப்புத் தாதி நினைத்தாலே முடியும்.

கோயில் விடயத்தையும் கேட்டேன், ஏனென்றால் எங்களூரில் பலருடைய பாதம் எரிவது அங்கேதான். நண்பகல் வெயிலில் கொதிக்கும் வீதி மணலில் விறைத்த கால் கொப்பளிப்பது அதற்குரியவருக்குத் தெரியாது. நேர்த்தி என்று சொல்லித் தடுப்பவர்களையும் மீறிப் போவார்கள். இவர் இப்போது விடியற்காலைப் பூசைக்குத்தான் போகிறார், கோயிலுக்கென்று தனியாகத் தோய்த்து வைத்த தடித்த பருத்திச் சொக்ஸோடு. முதல் நாள் ஒருவர் முறைத்தாராம். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் செயற்கைக் காலைக் கழற்றி, எஞ்சிய காலைக் கழுவுகிறார். காலையில் கழுவினால் ஈரத்தோல் கிண்ணத்துக்குள் உரசும் என்பதால் இரவில்தான். உறைகளைத் தோய்த்துக் காயப்போடுவது பேரனின் வேலை. பிறகு இடது பாதம். வாளித் தண்ணீரின் சூட்டை மகள் முழங்கையால் பார்க்கிறார். ஊறவைப்பதில்லை, கழுவி விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்தி, எண்ணெயை அடிப்பாதத்துக்கும் குதிக்கும் மட்டும் பூசுகிறார். விரலிடுக்கில் பூசினால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அவர் கண்ணும் மங்கல் என்பதால் பாதத்தைப் பார்ப்பது மகளின் பொறுப்பு. பிளேட்டை வீட்டிலிருந்தே அகற்றிவிட்டார்கள்.

நான் போன அன்று மகள் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். ஆறிய புண்ணின் இடத்தில் திரும்பவும் தோல் மஞ்சளாகத் தடிக்கத் தொடங்கியிருந்தது. “போன மாசம் இது இல்லை, அக்கா” என்றார். அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதுவரை காத்திருக்காமல் திங்கட்கிழமை போவதாகச் சொன்னார்.